டாலரில் போட்ட பில்லுக்கு எந்த நாளின் ரூபாய் மதிப்பு?

மயிலாடுதுறையில் வீட்டு மாடியில் இரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு, அமெரிக்கப் பதிப்பகம் ஒன்றுக்குப் புத்தகப் பக்கங்களை வடிவமைத்துத் தருகிறார் ஒருவர். பெயர் கவிதா என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்ததும் 2,400 டாலருக்குப் பில் அனுப்புகிறார். ஜி.எஸ்.டி. கணக்கில் டாலரை எழுத முடியாது. ரூபாயில்தான் எழுத வேண்டும். பில் போட்ட அன்று டாலருக்கு ஒரு மதிப்பு, பணம் வந்த அன்று வேறொரு மதிப்பு, வங்கி கொடுத்தது மூன்றாவது மதிப்பு. இவற்றுள் எதை எடுப்பது?

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர்ப் பக்கம் இப்படி வெளிநாட்டு வேலை செய்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். பெரும்பாலோர் வங்கிக் கணக்கில் விழுந்த ரூபாயை அப்படியே பில் தொகையாக எழுதிவிடுகிறார்கள். வரியே இல்லாத வேலைக்கு எந்த மதிப்பை எழுதினால் என்ன என்ற எண்ணம்தான் காரணம். ஆனால் ஜி.எஸ்.டி. பதிவு தேவையா என்பதும், செலுத்திய வரி எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதும், பணம் வராமல் போனால் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்பதும் ரூபாய்க் கணக்கை வைத்துத்தான் முடிவாகின்றன. அதனால் கவிதாவின் இந்த ஒரே பில்லை எடுத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

முதலில், இது ஏற்றுமதிதானா?

டாலர் வந்தால் ஏற்றுமதி என்று நினைப்பது தவறு. ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. சட்டத்தின் 2(6) பிரிவு ஐந்து நிபந்தனைகளை வைக்கிறது. சேவை தருகிறவர் இந்தியாவில் இருக்க வேண்டும். பெறுகிறவர் வெளிநாட்டில் இருக்க வேண்டும். சேவை வழங்கப்படும் இடம் என்று சட்டம் கருதும் இடம் வெளிநாடாக இருக்க வேண்டும். பணம் மாற்றத்தக்க அந்நியச் செலாவணியில் வர வேண்டும்; ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் வழிகளில் ரூபாயிலும் வரலாம். கடைசியாக, தருகிறவரும் பெறுகிறவரும் ஒரே நிறுவனத்தின் இரு கிளைகளாக இருக்கக் கூடாது. ஐந்தும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது ஏற்றுமதி ஆகாது.

டெல்டாவில் மூன்றாவதும் நான்காவதும்தான் அடிக்கடி இடறுகின்றன. சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் மன்னார்குடியிலுள்ள தம் பூர்வீக வீட்டைப் புதுப்பிக்கக் கும்பகோணத்துக் கட்டட வடிவமைப்பாளரிடம் வரைபடம் கேட்கிறார். பணத்தையும் வெளிநாட்டு நாணயத்தில் அனுப்புகிறார். அசையாச் சொத்தோடு நேரடித் தொடர்புள்ள சேவைக்கு, அந்தச் சொத்து இருக்கும் இடமே சேவை வழங்கப்பட்ட இடம் என்கிறது 13(4) பிரிவு. வீடு மன்னார்குடியில் இருப்பதால் இது உள்நாட்டுச் சேவை. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வடிவமைப்பாளர் வரி வசூலித்தே ஆக வேண்டும். அதே வடிவமைப்பாளர் சிங்கப்பூரில் உள்ள கடை ஒன்றுக்கு வரைபடம் போட்டுத் தந்தால் கதை மாறிவிடும்.

தாராசுரம் கோயிலையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிக்கும் இதே நிலைதான். பயணி இங்கே நேரில் வந்து பெற்றுக்கொண்ட சேவை அது. பயணி யூரோவில் கொடுத்தாலும் சேவை நடந்த இடம் இந்தியாதான்.

பணம் வரும் வழியிலும் கவனம் வேண்டும். துபாயில் உள்ள வாடிக்கையாளர், "ஊரில் என் தம்பி இருக்கிறான், ரூபாயாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்வது நம் பக்கம் சாதாரணம். தம்பி தன் கணக்கிலிருந்து அனுப்பும் ரூபாய் அந்நியச் செலாவணி வரவு ஆகாது. வேலை முழுக்க வெளிநாட்டுக்கே செய்திருந்தாலும் நான்காவது நிபந்தனை விழுந்துவிடுகிறது.

கவிதாவுக்கு இந்தச் சிக்கல்கள் எதுவும் இல்லை. பதிப்பகம் அமெரிக்காவில் இருக்கிறது. இந்த வகை வேலைக்குப் பெறுகிறவர் இருக்கும் இடமே சேவை வழங்கப்பட்ட இடம் என்பது பொதுவிதி. பணமும் டாலரில் வங்கி வழியாக வருகிறது. ஆகவே இது ஏற்றுமதி.

வரிவிலக்கு வேறு, பூச்சிய வரி வேறு

ஏற்றுமதிக்கு வரி கிடையாது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். சட்டம் சொல்வது சற்று வேறு: ஏற்றுமதி பூச்சிய வரி வழங்கல். வரிவிலக்கு பெற்ற சேவையைத் தருகிறவர், அதற்காகத் தாம் வாங்கிய பொருட்களில் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது. பூச்சிய வரியில் அதைப் பெறலாம். கவிதா இணைய இணைப்புக்கும் மென்பொருள் சந்தாவுக்கும் கட்டும் 18 சதவீத வரி அவருக்குத் திரும்பி வரக்கூடிய பணம்.

எல்லோருக்கும் ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. சேவைத் தொழிலில் ஆண்டு மொத்த விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். ஆனால் அந்த 20 லட்சத்தில் ஏற்றுமதி வருமானமும் சேரும். வரி இல்லாததால் அது கணக்கில் வராது என்று நினைத்திருந்து, எல்லையைத் தாண்டிய பிறகு விழித்துக்கொள்கிறவர்கள் உண்டு. எல்லைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு டாலர் மதிப்பில் ஏற்படும் ஒரு ரூபாய் வேறுபாடுகூடப் பொருட்படுத்த வேண்டியதுதான்.

பதிவு பெற்றவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஐ.ஜி.எஸ்.டி. வரியைக் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்பது. மற்றொன்று, எல்.யு.டி. எனப்படும் உறுதிமொழிக் கடிதத்தைத் தாக்கல் செய்துவிட்டு வரி கட்டாமலே ஏற்றுமதி செய்வது. சிறிய அளவில் வேலை செய்கிறவருக்கு இரண்டாவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. கவிதாவின் பில்லுக்கே 36,000 ரூபாய்க்கு மேல் வரி வரும். அதைக் கட்டிவிட்டுக் காத்திருக்கும் வசதி மாடி அறையில் தொழில் நடத்துகிறவருக்கு இருக்காது.

எல்.யு.டி. தாக்கலுக்கு RFD-11 என்ற படிவம் ஜி.எஸ்.டி. தளத்திலேயே இருக்கிறது. இரண்டு சாட்சிகளின் விவரம் கேட்கும். கட்டணம் இல்லை. ஒப்புகை எண் வந்தவுடன் ஏற்கப்பட்டதாகவே பொருள். இது ஒரு நிதியாண்டுக்கு மட்டும் செல்லும். ஏப்ரல் பிறந்ததும் முதல் பில்லுக்கு முன் புதிதாகத் தாக்கல் செய்ய வேண்டும். பில்லின் மேல் இந்த வாசகத்தை அச்சிட வேண்டும்:

```
SUPPLY MEANT FOR EXPORT UNDER BOND OR LETTER OF
UNDERTAKING WITHOUT PAYMENT OF INTEGRATED TAX
```

மாற்று மதிப்பு: விதி என்ன சொல்கிறது

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். மத்திய ஜி.எஸ்.டி. விதிகளில் 34-ஆம் விதி இதைப் பேசுகிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. தொடங்கியபோது பொருளுக்கும் சேவைக்கும் ஒரே விதிதான் இருந்தது: ரிசர்வ் வங்கியின் குறிப்பு மதிப்பு. அந்த மாதக் கடைசியிலேயே விதியை மாற்றி இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். பொருட்களுக்கு, சுங்கச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்படும் மாற்று மதிப்பு. சேவைகளுக்கு, பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கியல் நெறிகளின்படி, சேவை வழங்கல் நேரமாகிய அந்த நாளில் நிலவும் மாற்று மதிப்பு.

சுங்கத்துறை மதிப்பு மாதத்துக்கு இரண்டு முறை வெளியாகிறது. தேடினால் எளிதில் கிடைக்கிறது. அரசே அறிவித்தது என்ற நம்பிக்கையும் இருக்கிறது. அதனால் சேவை செய்கிறவர்களும் அதையே எடுத்து எழுதிவிடுகிறார்கள். பித்தளைக் குத்துவிளக்கைக் கப்பலில் அனுப்பும் கும்பகோணத்து வியாபாரிக்கு அது சரி. பக்க வடிவமைப்பை மின்னஞ்சலில் அனுப்பும் கவிதாவுக்கு அது பொருந்தாது.

சேவைக்கான விதியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன: எந்த நாள் என்பது ஒன்று, அந்த நாளில் யாருடைய மதிப்பு என்பது மற்றொன்று. நாளைச் சட்டமே தெளிவாகச் சொல்லிவிடுகிறது. மதிப்பை யார் வெளியிட்டிருக்க வேண்டும் என்று அது பெயர் சொல்லவில்லை. கணக்கியல் நெறிக்கு விட்டுவிட்டது. கணக்கியல் நெறியோ, பரிவர்த்தனை நடந்த நாளின் மதிப்பில் பதிவு செய் என்கிறது. மதிப்பு அதிகம் ஏறி இறங்காத காலத்தில் ஒரு வாரத்துக்கு அல்லது ஒரு மாதத்துக்கான சராசரியை எடுத்துக்கொள்ளவும் இடம் தருகிறது.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது எஃப்.பி.ஐ.எல். நிறுவனம் வெளியிடும் குறிப்பு மதிப்பை. முன்பு ரிசர்வ் வங்கியே வெளியிட்டுவந்ததை, 2018 ஜூலை முதல் இந்த நிறுவனம் வேலைநாள்தோறும் பிற்பகலில் வெளியிடுகிறது. டாலர், யூரோ, பவுண்டு, ஜப்பானிய யென் ஆகியவை அதில் உண்டு. எவரும் பின்னாளில் சரிபார்க்கக்கூடிய பொது மதிப்பு என்பதுதான் அதன் பலம். சிங்கப்பூர் டாலரில் பில் போடுகிறவர்களுக்கு அது உதவாது. அவர்கள் தங்கள் வங்கி அன்றன்று வெளியிடும் தந்திவழி வாங்கும் மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். டி.டி. பையிங் ரேட் என்று வங்கியில் சொல்வது இதைத்தான்.

எதை எடுத்தாலும் ஆண்டு முழுவதும் அதையே எடுக்க வேண்டும். ஒரு பில்லுக்குக் குறிப்பு மதிப்பு, அடுத்ததற்கு வங்கி மதிப்பு, மூன்றாவதற்கு இணையத் தேடலில் வந்த எண் என்று போட்டால் கணக்கியல் நெறி என்ற பெயரே பொருந்தாது. ஞாயிறு அல்லது விடுமுறை நாளில் பில் போட்டால் முந்தைய வேலைநாளின் மதிப்பை எடுப்பது வழக்கம். அந்த நாளின் மதிப்பு காட்டும் பக்கத்தை அச்செடுத்துப் பில்லோடு வைத்துவிடுங்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் அதிகாரி கேட்கும்போது, அந்த ஒரு தாள் பெரும் விளக்கத்தை மிச்சப்படுத்தும்.

எந்த நாள்?

சேவை வழங்கல் நேரத்தை மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 13-ஆம் பிரிவு தீர்மானிக்கிறது. வேலை முடிந்த 30 நாட்களுக்குள் பில் போட்டிருந்தால், பில் தேதி, பணம் வந்த தேதி ஆகிய இரண்டில் எது முந்தியதோ அதுவே அந்த நேரம். 30 நாட்களைத் தாண்டிப் பில் போட்டிருந்தால் பில் தேதிக்கு மதிப்பில்லை. வேலை முடிந்த தேதி, பணம் வந்த தேதி இரண்டில் முந்தியது எதுவோ அதை எடுக்க வேண்டும். பணம் வந்த தேதி என்பதும், கணக்குப் புத்தகத்தில் எழுதிய நாள், வங்கிக் கணக்கில் வரவான நாள் ஆகியவற்றுள் முந்தியதுதான்.

இதைக் கவிதாவின் பில்லில் வைத்துப் பார்ப்போம். கீழே வரும் டாலர் மதிப்புகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. வேலை ஜூலை 8-ஆம் தேதி முடிந்தது. 10-ஆம் தேதி பில் போட்டார். அன்றைய குறிப்பு மதிப்பு 85.20 ரூபாய். பணம் ஆகஸ்டில்தான் வந்தது. இங்கே பில் தேதிதான் முந்தியது. ஆகவே 2,400 டாலரை 85.20-ஆல் பெருக்க 2,04,480 ரூபாய். ஜூலை மாத GSTR-1 படிவத்தில் ஏற்றுமதிக்கான 6A அட்டவணையில் இந்தத் தொகைதான் போகும். GSTR-3B படிவத்தில் பூச்சிய வரி வழங்கலுக்கான 3.1(b) வரியிலும் இதே தொகை. ஆகஸ்டில் டாலர் 87-க்குப் போனாலும் 83-க்கு இறங்கினாலும் இந்த எண் மாறாது.

முன்பணம் வாங்கியிருந்தால் கணக்கு இரண்டாகப் பிரியும். அதே வேலைக்குப் பதிப்பகம் ஜூன் 20-ஆம் தேதியே 800 டாலர் அனுப்பிவிட்டது, அன்றைய மதிப்பு 84.90 என்று கொள்வோம். பணம் எந்த அளவுக்கு வந்ததோ அந்த அளவுக்குச் சேவை அன்றே வழங்கப்பட்டதாகச் சட்டம் கருதுகிறது. எனவே 800 டாலருக்கு ஜூன் 20 மதிப்பு: 67,920 ரூபாய். மீதி 1,600 டாலருக்கு ஜூலை 10 மதிப்பு: 1,36,320 ரூபாய். ஆக மொத்தம் 2,04,240. முழுத் தொகைக்கும் ஒரே மதிப்பைப் போட்டதோடு ஒப்பிட்டால் 240 ரூபாய்தான் குறைவு. ஆனால் பாதித் தொகையை முன்பணமாக வாங்கி, ஆறு மாதம் கழித்துப் பில் போடும் மென்பொருள் வேலைகளில் இந்த வேறுபாடு பல ஆயிரங்களாக வளரும்.

மூன்றாவது நிலைதான் அதிகம் தவறுவது. ஜூன் 5-ஆம் தேதி முடித்துக் கொடுத்த வேலைக்கு, வேறு வேலைகளில் மறந்துபோய், ஜூலை 20-ஆம் தேதி பில் போடுகிறார். 30 நாள் கெடு ஜூலை 5-உடன் முடிந்துவிட்டது. பணமும் இன்னும் வரவில்லை. இப்போது எடுக்க வேண்டியது ஜூன் 5-ஆம் தேதியின் மதிப்பு. அந்த விற்பனையும் ஜூன் மாதத்துக்கு உரியதாகிவிடுகிறது. பில்லின் மேல் ஜூலை 20 என்று இருப்பதால் அன்றைய மதிப்பையே மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும். அதைக் கையால் திருத்த வேண்டும்.

பணம் வந்த பிறகு

முதல் நிலைக்கே திரும்புவோம். பதிப்பகம் 2,400 டாலரை முழுமையாக அனுப்பியது. வழியில் இருந்த வெளிநாட்டு இடைநிலை வங்கி ஒன்று 20 டாலரைக் கட்டணமாக எடுத்துக்கொண்டது. கவிதாவின் வங்கிக்கு வந்தது 2,380 டாலர். வங்கி அதை 85.80 மதிப்பில் மாற்றியது: 2,04,204 ரூபாய். பில்லில் இருந்தது 2,04,480. வேறுபாடு 276 ரூபாய் மட்டுமே. இந்த 276-ஐத் தள்ளுபடி என்று எழுதி முடித்துவிடுவது பலரின் வழக்கம்.

அந்தச் சிறு எண்ணுக்குள் எதிரெதிரான இரண்டு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. 2,400 டாலரும் 85.80-க்கு மாறியிருந்தால் 2,05,920 ரூபாய் வந்திருக்கும். அதாவது டாலர் ஏறியதால் 1,440 ரூபாய் இலாபம். வழியில் போன 20 டாலரின் மதிப்பு 1,716 ரூபாய். அது வங்கிக் கட்டணச் செலவு. இலாபத்தைச் செலவிலிருந்து கழித்தால் 276. புத்தகத்தில் இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். இரண்டுமே வருமான வரிக் கணக்கில் அவரவர் இடத்தில் நிற்கும். ஜி.எஸ்.டி. பில்லை இவை தொடுவதில்லை. நாணய மாற்று வேறுபாட்டுக்காக யாரும் கிரெடிட் நோட்டோ டெபிட் நோட்டோ போட வேண்டியதில்லை.

வங்கிச் சீட்டில் இன்னொரு சிறு பிடித்தமும் இருக்கும். நாணயத்தை மாற்றித் தருவதும் ஒரு சேவை. அதற்கு வங்கி ஜி.எஸ்.டி. பிடிக்கிறது. ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையான தொகைக்கு, 1,000 ரூபாயோடு, ஒரு லட்சத்தைத் தாண்டிய பகுதியில் அரை சதவீதத்தைச் சேர்த்து, அதைச் சேவையின் மதிப்பாக வைத்து 18 சதவீத வரி. கவிதாவுக்கு மதிப்பு 1,521 ரூபாய், வரி சுமார் 274 ரூபாய். வங்கியில் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து வைத்திருந்தால் இந்த வரியும் அவர் வரவில் சேரும்.

பணவரவில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. டெல்டாவின் வங்கிக் கிளைகளுக்கு வெளிநாட்டுப் பணம் புதிதல்ல. ஆனால் அதில் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் வீட்டுச் செலவுக்கு வருவது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தொகைக்கும் நோக்கக் குறியீடு ஒன்றை வங்கி பதிய வேண்டும். குடும்பப் பராமரிப்புக்கும் சேமிப்புக்கும் உரிய குறியீடு P1301. யாரும் எதுவும் சொல்லாவிட்டால், பழக்கத்தில் தொழில் வருமானத்துக்கும் அதே குறியீடு விழுந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு வரியைத் திரும்பக் கேட்கும்போது, எஃப்.ஐ.ஆர்.சி. என்று எல்லோரும் சொல்லும் பணவரவுச் சான்றில் குடும்பச் செலவுக்கு வந்த பணம் என்று இருக்கும். இது சேவைக்கான கட்டணம்தான் என்று நிறுவுவது பெரும்பாடு. ஆகவே முதல் தொகை வருவதற்கு முன்பே பில்லின் நகலோடு கிளைக்குப் போய், என்ன சேவை என்று எழுத்தில் கொடுத்து, சரியான குறியீட்டைப் பதியச் சொல்லுங்கள். சான்று கைக்கு வந்ததும் குறியீட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

திரும்பப் பெறும் கணக்கில் எண் மாறுகிறது

இங்கேதான் புதியவர்கள் திகைத்துப்போகிறார்கள். பில் மதிப்பை இவ்வளவு கவனமாகக் கணக்கிட்டு GSTR-1 படிவத்தில் எழுதிய பிறகு, RFD-01 படிவத்தில் வரியைத் திரும்பக் கேட்கும்போது அந்த எண் நேரடியாகப் பயன்படுவதில்லை. 89(4) விதியின்படி, சேவை ஏற்றுமதியின் விற்றுமுதல் என்பது அந்தக் காலத்தில் உண்மையாகக் கைக்கு வந்த பணம். முன்பே முன்பணம் வந்து இப்போது வேலை முடிந்திருந்தால் அதைக் கூட்ட வேண்டும். இப்போது முன்பணம் வந்து வேலை இன்னும் முடியவில்லை என்றால் அதைக் கழிக்க வேண்டும்.

ஒரு காலாண்டில் கவிதாவுக்கு ஏற்றுமதிப் பணம் 6 லட்சம் வந்தது. சென்னைப் பதிப்பகங்களுக்கு 3 லட்சத்துக்கு வேலை செய்தார். இணையம், மென்பொருள் போன்றவற்றில் கட்டிய வரி 9,000 ரூபாய் என்று கொள்வோம். மொத்தம் 9 லட்சத்தில் ஏற்றுமதி 6 லட்சம். எனவே 9,000-இல் மூன்றில் இரண்டு பங்கு, 6,000 ரூபாய் திரும்பக் கிடைக்கும். அதே காலாண்டில் புதுக் கணினி வாங்கிக் கட்டிய வரி இந்த 9,000-இல் சேராது. மூலதனப் பொருளின் வரி இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. அதை உள்நாட்டு வேலைகளுக்கு வரும் வரியில் கழித்துக்கொள்ளலாம்.

ஆகவே பில் தொகையும் சான்றில் உள்ள தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக எதையும் வளைக்காதீர்கள். அவை வேறுபடுவதுதான் இயல்பு. பில் எண், பில் தேதி, டாலர் தொகை, எடுத்த மதிப்பு, ரூபாய், பணம் வந்த தேதி, வந்த ரூபாய், வங்கிக் கட்டணம், மாற்று வேறுபாடு என்று ஒரே வரிசையில் எழுதிய தாள் ஒன்று இருந்தால், அதிகாரி கேட்கும்போது காட்டுவதற்கு அதுவே போதும். பணம் வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பணம் முன்பே வந்திருந்தால் பில் தேதியிலிருந்து எண்ண வேண்டும்.

வருமான வரிக்காகப் பேசப்படும் இன்னொரு மதிப்பையும் இதோடு கலக்க வேண்டாம். வருமான வரி விதிகளில் ஒன்று ஸ்டேட் வங்கியின் தந்திவழி வாங்கும் மதிப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆடிட்டர்கள் சிலர் அதை ஜி.எஸ்.டி. பில்லுக்கும் விதி என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த விதி வருமான வரிக்கு உரியது. ஸ்டேட் வங்கி மதிப்பை நீங்கள் ஜி.எஸ்.டி. கணக்கில் எடுக்கலாம்தான், ஆனால் அது நீங்கள் தேர்ந்துகொண்ட கணக்கியல் முறையாக இருக்க வேண்டும், நாள் 13-ஆம் பிரிவு சொல்லும் நாளாகவும் இருக்க வேண்டும்.

பணம் குறைந்தால், வராமலே போனால்

பதிப்பகம் வேலையில் குறை சொல்லி 200 டாலரைக் குறைத்துக்கொண்டால் அது மாற்று வேறுபாடு அல்ல. சேவையின் விலையே குறைந்துவிட்டது. அதற்குக் கிரெடிட் நோட்டு போட வேண்டும். மதிப்பு, மூலப் பில்லில் எடுத்த அதே 85.20: 17,040 ரூபாய். கிரெடிட் நோட்டு போட்ட நாளின் மதிப்பை எடுத்தால், முன்பு எழுதிய விற்பனையில் இல்லாத ஒரு தொகையைக் கழித்ததாகிவிடும்.

எல்.யு.டி. வழியில் போகிறவருக்குப் பணம் வரக் கெடு உண்டு: ஓராண்டு, அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கும் காலம் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அது. பில் தேதியிலிருந்து எண்ண வேண்டும். ஜூலை 10 பில்லுக்குக் குறைந்தது அடுத்த ஜூலை 10 வரை. அதற்குள் பணம் வரவில்லை என்றால், 15 நாட்களுக்குள் அந்தப் பில்லுக்கான வரியை வட்டியோடு கட்ட வேண்டும். வரி எந்தத் தொகைக்கு? பில் நாளில் எழுதிய அதே 2,04,480-க்கு. 18 சதவீதம் என்றால் 36,806 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. கட்டத் தவறினால் எல்.யு.டி. வசதியே நிறுத்தப்படும்; கட்டிய பிறகுதான் அது திரும்பக் கிடைக்கும். வாடிக்கையாளர் இழுத்தடிக்கிறார் என்று தெரிந்தால், கெடு முடிவதற்கு முன்பே கால நீட்டிப்புக் கேட்டு ஜி.எஸ்.டி. ஆணையருக்கு விண்ணப்பிக்கலாம், விதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. விண்ணப்பத்தோடு பில்லையும், பணம் கேட்டு அனுப்பிய மின்னஞ்சல்களையும் இணைத்துவிடுங்கள்.